இருநூறு ரூபா வைத்தும் ஏன் மேலே வரவில்லை? கூகுள் விளம்பர ஏலம், புதிதாக வருபவர்களுக்கு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஓர் அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். மணப்பெண் சாறி ஜாக்கெட்தான் அவருடைய கைவேலை. கூகுளில் விளம்பரம் போடத் தொடங்கி ஒரு மாதமானதும் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, ஒரு கிளிக்குக்கு இருநூறு ரூபா வரைக்கும் குடுக்கலாம் எண்டு போட்டிருக்கிறன். பிறகும் அந்தப் பெரிய கடைதான் மேல நிக்குது. இன்னும் கூட்டோணுமோ?"

"கூட்டாதேங்கோ அக்கா, முதல்ல கணக்கைத் திறந்து காட்டுங்கோ" என்றேன்.

அன்றைக்கு அந்தக் கடையில், தையல் இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே நான் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கூகுளில் ஒருவர் எதையாவது தேடும்போது மேலும் கீழும் வரும் தேடல் விளம்பரங்களைப் பற்றி மட்டும்தான் பேச்சு. யூடியூப், பேஸ்புக் எல்லாம் வேறு கதை.

இது என்ன மாதிரியான ஏலம்?

கொழும்பில் ஏலம் என்றால் தேயிலை ஏலம்தான். 1883இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. 2020இலிருந்து மண்டபத்தை விட்டுக் கணினித் திரைக்குப் போய்விட்டது. விற்பனைக்கு வரும் தேயிலையின் மாதிரியை வாங்குபவர்கள் முன்கூட்டியே ஊற்றிச் சுவைத்துப் பார்ப்பார்கள். ஏலத்தன்று யார் கூடுதலாகக் கேட்கிறாரோ அவருக்குச் சரக்கு.

கூகுள் ஏலத்தில் ஏலம் விடுபவர்தான் சுவைத்துப் பார்க்கிறார், அதுவும் வாங்க வந்தவரை. நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்பதோடு, உங்கள் விளம்பரத்தைத் தேடுபவர் விரும்புவாரா, கிளிக் பண்ணிப் போனால் அங்கே அவருக்கு உருப்படியாக ஏதும் இருக்குமா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் இடம் தருகிறார்.

இன்னொரு வித்தியாசம், இந்த ஏலம் ஒவ்வொரு தேடலுக்கும் புதிதாக நடக்கிறது. பம்பலப்பிட்டியில் ஒரு பெண் போனில் `saree jacket wellawatte` என்று தட்டி எண்டர் அடித்ததும் ஓர் ஏலம். அதே பெண் பத்து நிமிடம் கழித்து அதையே மறுபடி தேடினால் அது வேறோர் ஏலம். அவர் எங்கே இருக்கிறார், போனா கணினியா, என்ன நேரம், என்ன சொல்லில் தேடினார், அந்த நேரம் வேறு யார் யார் களத்தில் நிற்கிறார்கள் என்று எல்லாமே கணக்கில் வரும். ஆகவே "என் விளம்பரம் மூன்றாம் இடத்தில் இருக்கிறது" என்ற பேச்சுக்கு அவ்வளவு அர்த்தமில்லை. காலை ஏழு மணிக்கு முதலிடத்திலும் எட்டு மணிக்கு எங்குமே இல்லாமலும் இருக்கலாம்.

கூகுள் ஏன் குறைந்த விலைக்காரரை மேலே வைக்கிறது?

விலையை மட்டும் பார்த்து இடம் கொடுத்த காலமும் இருந்தது. 1998இல் வந்த GoTo.com என்ற தேடல் தளம் யார் கூடக் கேட்டாரோ அவரை மேலே போட்டது. கூகுள் 2002இல் கிளிக் அடிப்படையிலான ஏலத்துக்கு வந்தபோது, ஒரு விளம்பரத்தை எத்தனை பேர் கிளிக் பண்ணுகிறார்கள் என்பதையும் விலையோடு சேர்த்துப் பார்த்தது. வெறும் நல்லெண்ணம் என்று நினைக்க வேண்டாம். கூகுளுக்குக் காசு வருவது கிளிக் விழுந்தால்தான். இருநூறு ரூபா தருவதாகச் சொல்பவரின் விளம்பரத்தை யாரும் தொடவில்லை என்றால், அந்த இருநூறு கூகுளின் கைக்கு வராத இருநூறு.

எளிய கணக்காகப் பாருங்கள். அக்காவின் விளம்பரத்தை நூறு பேருக்குக் காட்டினால் மூன்று பேர் கிளிக் பண்ணுகிறார்கள் என்று வையுங்கள். 200 ரூபா வீதம் 600 ரூபா. பெரிய கடையின் ஏலத்தொகை 120தான். ஆனால் நூறு பேரில் எட்டுப் பேர் கிளிக் பண்ணுகிறார்கள், 960 ரூபா. யாரை மேலே வைப்பது என்பதில் கூகுளுக்குச் சந்தேகமே வராது.

இந்த 600, 960 போன்ற எண்ணைத்தான் அட் ராங்க் என்கிறார்கள். உண்மையான அட் ராங்க் இதைவிடச் சிக்கலானது. கிளிக் வாய்ப்போடு விளம்பரத்தின் பொருத்தம், கிளிக் பண்ணினால் திறக்கும் பக்கத்தின் தரம், போன் இலக்கம், கடை முகவரி போன்று விளம்பரத்தோடு ஒட்டிக்கொள்ளும் துணைத் தகவல்கள், மேலே சொன்ன இடம் நேரம் எல்லாம் சேரும். உங்கள் கணக்கில் எந்தத் திரையிலும் அட் ராங்க் எண் தெரியாது. மற்றவரின் ஏலத்தொகையும் தெரியாது. ஆகவே இனி வரும் எண்கள் எல்லாம் விளங்குவதற்காக நான் போட்டவை. ஆனால் "ஏலத்தொகை பெருக்கல் தரம்" என்ற அடிப்படையைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் தானாக விளங்கும்.

நான்கு பேர், ஓர் ஏலம்

அக்காவின் கடைக்குப் பின்பக்கம், துணி வெட்டும் மேசையில் சோக்கட்டியால் நான் எழுதிக் காட்டிய கணக்கு இது. தரம் என்ற இடத்தில் மேலே சொன்ன "நூறுக்கு எத்தனை" என்ற எண்ணையே வைத்தேன்.

```
                ஏலத்தொகை × தரம் = அட் ராங்க்
பெரிய கடை         120    ×  8  =  960
அக்கா             200    ×  3  =  600
இன்னொரு தையல்      90    ×  6  =  540
நான்காமவர்         250    ×  1  =  250
```

அக்கா உடனே நான்காமவரைக் காட்டி, "இவர்தானே கூடக் கேட்டிருக்கிறார், இவர் எங்க?" என்றார். அவர் வரவே மாட்டார். இந்த ஏலத்தில் காட்டப்படுவதற்கே ஒரு குறைந்தபட்ச அட் ராங்க் வேண்டும். நம் கணக்குக்கு 300 என்று வைப்போம். 250 அதை எட்டவில்லை. பக்கத்தில் இடம் காலியாகக் கிடந்தாலும் அவருக்கு வாசல் திறக்காது. நிஜத்தில் இந்த வாசல்படி ஒரே உயரத்தில் இருப்பதில்லை. தேடலுக்குத் தேடல் மாறும். பக்கத்தின் மேற்பகுதிக்கு உயரம் கூட, கீழ்ப்பகுதிக்குக் குறைவு.

அடுத்தது, யார் எவ்வளவு கட்டுகிறார்கள்? புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நீங்கள் போடும் ஏலத்தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. உண்மையில் கட்டுவது, உங்களுக்குக் கீழே நிற்பவரைத் தாண்ட எவ்வளவு போதுமோ அவ்வளவுதான். கீழே யாரும் இல்லையென்றால் வாசல்படியைத் தாண்டப் போதுமான தொகை. கீழே உள்ளவரின் அட் ராங்கை உங்கள் தரத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட அந்தத் தொகை வந்துவிடும்.

```
பெரிய கடை       600 ÷ 8 =  75 ரூபா
அக்கா           540 ÷ 3 = 180 ரூபா
இன்னொரு தையல்   300 ÷ 6 =  50 ரூபா
```

மேசையில் இதை எழுதியதும் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். முதலிடத்தில் இருப்பவர் 75 ரூபா கட்டுகிறார். இரண்டாமிடத்தில் இருக்கும் இவர் 180. மூன்றாமிடத்துச் சின்னத் தையற்காரர் 50. தரம் என்ற எண் வகுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், அது குறைந்தவர் ஒவ்வொரு கிளிக்குக்கும் தண்டப்பணம் கட்டுகிறார். இந்த நிலையில் அக்கா ஏலத்தொகையைக் கூட்டிக் கூட்டி முதலிடத்தைப் பிடிக்க வேண்டுமானால் 960ஐ மூன்றால் வகுக்க வேண்டும். 320 ரூபாவைத் தாண்டிக் கட்ட வேண்டும், ஒவ்வொரு கிளிக்குக்கும்.

அதனால்தான் கூட்ட வேண்டாம் என்றேன்.

குவாலிட்டி ஸ்கோரைப் பார்ப்பது

தரத்தை எப்படி அறிவது? ஏலத்தில் பயன்படும் தரம் அந்த நொடியில் கணிக்கப்படுவது. அதை யாரும் பார்க்க முடியாது. எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுத்து வைக்கும் சொல்தான் கீவேர்டு. அதற்குப் பதிலாகக் கூகுள் ஒவ்வொரு கீவேர்டுக்கும் 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் காட்டுகிறது. அதுதான் குவாலிட்டி ஸ்கோர். பாடசாலை றிப்போர்ட் மாதிரி, நடந்து முடிந்ததைப் பற்றிய குறிப்பு அது. அந்த எண்ணே ஏலத்துக்குள் போவதில்லை. இதைத் தெரியாமல் 7ஐ 10 ஆக்குவதையே வேலையாக வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பார்க்கும் முறை: கணக்கில் Search keywords பக்கத்துக்குப் போங்கள். அட்டவணைக்கு மேலே Columns என்ற குறியை அழுத்தி, Modify columns தேர்ந்து, அதற்குள் Quality Score என்ற பகுதியைத் திறங்கள். நான்கு பெட்டிகளில் குறியிடுங்கள்: Quality Score, Exp. CTR, Ad relevance, Landing page exp. சேமித்தால் ஒவ்வொரு கீவேர்டுக்கும் எதிரே அவை வரும்.

மதிப்பெண்ணைவிட மற்ற மூன்றும்தான் முக்கியம். Exp. CTR என்பது கிளிக் வாய்ப்பு, Ad relevance என்பது விளம்பரத்தின் பொருத்தம், Landing page exp. என்பது திறக்கும் பக்கத்தின் தரம். ஒவ்வொன்றிலும் Above average, Average, Below average என்ற மூன்றில் ஒன்று இருக்கும். சராசரி என்றால் யாரோடு ஒப்பிட்டு? கடந்த 90 நாளில் அதே தேடலுக்கு விளம்பரம் காட்டிய மற்றவர்களோடு. ஆகவே உங்கள் விளம்பரத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமலே, போட்டியாளர் நன்றாக எழுதத் தொடங்கினால் உங்கள் நிலை இறங்கலாம்.

எண்ணுக்குப் பதிலாக ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கீவேர்டை அப்படியே தேடியவர்கள் போதவில்லை என்று அர்த்தம். கொழும்பு மாதிரிச் சின்னச் சந்தையில் இது அடிக்கடி வரும்.

அக்காவின் முக்கியமான கீவேர்டில் மதிப்பெண் 3. Exp. CTR சராசரிக்குக் கீழே, Ad relevance கீழே, Landing page exp. மட்டும் சராசரி. எங்கே கை வைக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிட்டது.

மூன்றையும் சரிசெய்வது, அக்காவின் கணக்கை வைத்து

முதலில் பொருத்தம். அக்காவின் விளம்பரத் தலைப்பில் பிளவுஸ் என்று இருந்தது. விளம்பரத்தை எழுதிக் கொடுத்தவர் இந்தியத் தளங்களைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். கொழும்பில் தேடுபவர்கள் பெரும்பாலும் தட்டுவது `saree jacket`. கீவேர்டும் அதுதான். ஆனால் தேடுபவர் பார்க்கும் விளம்பரத்தில் அந்தச் சொல்லே இல்லை! அதோடு ஒரே விளம்பரக் குழுவுக்குள் சாறி ஜாக்கெட், மணப்பெண் அலங்காரம், பாடசாலைச் சீருடை மூன்றும் கிடந்தன. சீருடை தேடி வந்த தாய்க்கு மணப்பெண் விளம்பரம் போனது.

மூன்றையும் தனித்தனிக் குழுவாகப் பிரித்தோம். ஜாக்கெட் குழுவின் தலைப்பில் தேடுபவர் பயன்படுத்தும் அதே சொல், வெள்ளவத்தை என்ற இடப்பெயர், எத்தனை நாளில் கிடைக்கும் என்ற விவரம். தமிழில் தேடுபவர்களுக்குத் தமிழிலேயே ஒரு குழு வைத்தோம். 2018இலிருந்து கூகுள் தமிழில் விளம்பரம் எழுத இடம் தருகிறது. நம்மவர்களில் பலர் இன்னும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள் என்பதால் அந்தக் குழு சின்னதாகவே இருக்கும், ஆனால் அங்கே நெரிசலும் குறைவு.

இரண்டாவது, கிளிக் வாய்ப்பு. இதைக் கணிக்கும்போது விளம்பரம் மேலே இருந்ததால் கிடைத்த அனுகூலத்தைக் கூகுள் கழித்துவிடுகிறது. ஆகவே "மேலே போனால் கிளிக் கூடும், கிளிக் கூடினால் தரம் கூடும்" என்ற குறுக்குவழி இங்கே செல்லாது. அக்காவின் விஷயத்தில் என் கண்ணில் பட்டது Search terms அறிக்கை. உண்மையில் மக்கள் என்ன தட்டியபோது இவருடைய விளம்பரம் வந்தது என்று அதில் இருக்கும். பாதிக்கு மேல் `saree jacket designs`, `saree jacket cutting` போன்றவை. படம் பார்க்க வந்தவர்கள், தைக்கப் பழக வந்தவர்கள். அவர்கள் தையற்காரரைத் தேடவில்லை. விளம்பரம் அவர்கள் கண்முன் போவதும், கிளிக் விழாமல் திரும்புவதும், இடைக்கிடை யாராவது சும்மா அழுத்தி 180 ரூபாவைக் கரைப்பதுமாக இருந்தது. designs, cutting, class ஆகிய சொற்களை Negative keywords பட்டியலில் சேர்த்தோம். இந்தச் சொற்கள் இருக்கும் தேடல்களில் இனி அக்கா ஏலத்துக்கே போக மாட்டார்.

இன்னொன்றும் இருந்தது, கேட்டால் சிரிப்பீர்கள். அக்காவும், அவருடைய மகளும், கடையில் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளும் "எங்கட விளம்பரம் வருதா" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளிக் பண்ணினால் காசு போகும் என்று கவனமாகக் கிளிக் பண்ணாமல்! காட்டப்பட்டும் கிளிக் விழாத தேடலாக ஒவ்வொன்றும் பதிவானது. சின்னக் கணக்கில் அது பெரிய பங்கு. விளம்பரம் வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் கணக்குக்குள் Ad Preview and Diagnosis என்ற கருவி இருக்கிறது. அதில் எத்தனை முறை பார்த்தாலும் கணக்கில் சேராது.

மூன்றாவது, திறக்கும் பக்கம். சராசரி என்றுதான் இருந்தது, ஆனாலும் என் போனில் திறந்து பார்த்தேன். மணவறைப் படங்கள் ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே இறங்கி வருவதற்குள் பக்கத்தில் இருந்த பிள்ளை ஒரு கைமடிப்பைத் தைத்து முடித்துவிட்டது. தொலைபேசி இலக்கம் படத்துக்குள் எழுதப்பட்டிருந்தது; அழுத்தி அழைக்க முடியாது. விலை எங்கும் இல்லை. படங்களைச் சிறிதாக்கி, இலக்கத்தை எழுத்தாகப் போட்டு, தொடக்க விலையையும் எத்தனை நாள் வேண்டும் என்பதையும் மேலேயே வைத்தோம். விளம்பரமும் இப்போது கடையின் முகப்புப் பக்கத்துக்குப் போகாமல் நேரே ஜாக்கெட் பக்கத்துக்குப் போகிறது.

இதெல்லாம் மறுநாளே மதிப்பெண்ணில் தெரியாது. சில வாரம் பொறுக்க வேண்டும். இடையில் அதையும் இதையும் மாற்றிக்கொண்டிருந்தால் எது உதவியது என்றே தெரியாமல் போகும்.

ஏலத்தொகையை எப்படித் தீர்மானிப்பது?

இங்கே பலர் போட்டியாளரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது சொந்த லாபத்தை.

அக்காவிடம் கேட்டேன், ஒரு மணப்பெண் ஜாக்கெட்டில் துணி, லைனிங், வேலைக்கூலி எல்லாம் போக என்ன மிஞ்சும்? ஏறத்தாழ 4,500 ரூபா. எத்தனை கிளிக்குக்கு ஓர் ஓடர் வருகிறது? கொப்பியைப் புரட்டி, முப்பதுக்கு ஒன்று என்றார். 4,500ஐ முப்பதால் வகுத்தால் 150. ஒரு கிளிக்குக்கு 150 ரூபாவுக்கு மேல் கட்டினால் நட்டம். அதுவரை அவர் 180 கட்டிக்கொண்டிருந்தார். முப்பது கிளிக்குக்கு 5,400 ரூபா. ஓர் ஓடருக்கு 900 ரூபா கையிலிருந்து போட்டுத் தைத்துக் கொடுத்திருக்கிறார்.

மேசையில் எழுதிய கணக்கில் அக்காவின் தரம் மூன்றிலிருந்து ஆறுக்கு ஏறியது என்று வையுங்கள். ஏலத்தொகையை 200இலிருந்து 150க்குக் *குறைக்கிறோம்*. 150 பெருக்கல் 6, அட் ராங்க் 900. பழைய 600ஐவிடக் கூட! இடம் இரண்டாவதுதான், ஆனால் கட்டுவது 540 வகுத்தல் 6, அதாவது 90 ரூபா. முப்பது கிளிக் 2,700. ஓர் ஓடருக்கு 1,800 ரூபா மிஞ்சுகிறது.

"அப்ப இன்னும் கொஞ்சம் கூட்டினா முதலிடம் வருமே?" என்றார் அக்கா. வரும். 170 போட்டால் 1,020. பெரிய கடையின் 960ஐத் தாண்டலாம். கட்டுவது 960 வகுத்தல் 6, 160 ரூபா. இரண்டாமிடத்தில் நாளைக்கு 7 கிளிக், முதலிடத்தில் 10 கிளிக் என்று வைப்போம். 7 கிளிக்குக்கு 630 ரூபா. 10 கிளிக்குக்கு 1,600 ரூபா. கூடுதலாகக் கிடைத்தது மூன்று கிளிக், அதற்குக் கூடுதலாகப் போனது 970 ரூபா. ஆக அந்த மூன்றும் ஒவ்வொன்றும் 323 ரூபா. 150க்கு மேல் நட்டம் என்று இப்போதுதானே பார்த்தோம்.

சராசரி விலையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. "160தானே, 150க்குப் பக்கத்தில்தானே" என்று தோன்றும். ஓர் இடம் மேலே ஏறும்போது, புதிதாக வரும் கிளிக்குகளுக்கு மட்டும் அல்ல, ஏற்கெனவே மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்த ஏழு கிளிக்குகளுக்கும் சேர்த்து விலை ஏறுகிறது. முதலிட ஆசை பிடித்தவர்களிடம் நான் காட்டுவது இந்த ஒரு கணக்கைத்தான்.

சரி, போட்டியாளர் ஏற்றினால்? பக்கத்துத் தையற்காரர் 90ஐ 140 ஆக்கினால் அவருடைய அட் ராங்க் 840. அக்கா கட்டுவது 140 ஆகும்; வலிக்கும், ஆனாலும் 150க்குள்தான். அவர் 155க்குப் போனால் 930. அக்கா மூன்றாமிடத்துக்கு இறங்கி, வாசல்படித் தொகையான 50 ரூபா மட்டும் கட்டுவார். உச்சவரம்பைச் சொந்த லாபத்தில் கட்டி வைத்திருப்பதால் யார் என்ன செய்தாலும் நட்டத்துக்குள் இழுபட மாட்டார். "கட்டப்போவது குறைவுதானே" என்று 500 போட்டு வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது, பக்கத்தில் ஒருவரும் அதே மாதிரி நினைத்து 480 போடும் நாளில்.

ஏலத்தொகையைக் கூகுளே போடட்டும் என்று விடும் முறைகளும் உண்டு. புதுக் கணக்குகளில் கூகுள் அதைத்தான் முன்னே நீட்டும். உள்ளே நடப்பது இதே ஏலம்தான். எண்ணைப் போடும் கை மட்டும் வேறு. ஓடர் வந்ததா என்ற தகவல் கணக்குக்குள் ஒழுங்காகப் பதிவாகாத வரை அந்தக் கைக்கு எதை வைத்து எண் போடுவது என்று தெரியாது. அந்த முறைகளில் ஒன்றான Maximize clicks வைத்திருப்பவர்கள் அதற்குள் இருக்கும் உச்சவரம்புப் பெட்டியிலாவது தங்கள் 150ஐ எழுதி வையுங்கள்.

கிழமைக்கு ஒருமுறை பார்க்க வேண்டியது

விளம்பரம் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: அட் ராங்க் போதவில்லை, அல்லது அன்றைய பட்ஜெட் தீர்ந்துவிட்டது. Search lost IS என்று தொடங்கும் இரண்டு நெடுவரிசைகள் இதைப் பிரித்துக் காட்டும். ஒன்றில் rank என்றும் மற்றதில் budget என்றும் இருக்கும். நீங்கள் தோன்றியிருக்கக்கூடிய தேடல்களில் எத்தனை வீதத்தை எந்தக் காரணத்தால் இழந்தீர்கள் என்பதே அந்த எண்கள். budget பக்கம் பெரிதாக இருந்தால் தரத்தைக் கட்டி அழுது பயனில்லை. அப்போது ஏலத்தொகையைக் கொஞ்சம் குறைத்தால், அதே பட்ஜெட்டுக்குள் கூடுதல் கிளிக் கிடைப்பதும் உண்டு. rank பக்கம் பெரிதாக இருந்தால் மேலே சொன்ன மூன்றையும் மறுபடி பாருங்கள்.

எங்களூருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இட அமைப்பில் கொழும்பு என்று போட்டாலும், Presence or interest என்ற தெரிவுதான் தானாக இருக்கும். அதாவது கொழும்பில் இருப்பவர்களோடு, கொழும்பில் ஆர்வம் காட்டுபவர்களும் சேர்வார்கள். டொரன்டோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வெள்ளவத்தையைத் தேடும் நம் சனம் எவ்வளவு! அந்தக் கிளிக்குகளுக்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள். கொத்துரொட்டிக் கடைக்காரர் Presence மட்டும் என்று மாற்றிவிட வேண்டியதுதான். அக்காவுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஊரில் கல்யாணம் வைத்து வருபவர்கள், வருவதற்கு முன்பே ஜாக்கெட்டுக்கு ஆள் தேடுவார்கள். அதனால் உள்ளூருக்கு ஒரு பிரசாரம், வெளியூருக்குத் தனியாக ஒன்று என்று பிரித்து, வெளியூருக்குத் தனிப் பட்ஜெட்டும் தனி உச்சவரம்பும் வைத்தோம். அங்கே எத்தனை கிளிக்குக்கு ஓர் ஓடர் என்பது வேறாகத்தான் இருக்கும். அது தெரியும் வரை கையைக் கட்டித்தான் செலவழிக்கிறார்.

பெரிய கடை இன்னும் அவருக்கு மேலேதான் நிற்கிறது. அக்கா இப்போது அதைத் தேடிப் பார்ப்பதில்லை.